வெங்காயக் கணக்கும் கொழும்புப் பங்குச் சந்தையும்

2022 ஜனவரியில், எங்கள் நண்பன் ஒருவனின் அண்ணன் கொழும்பிலிருந்து பலாங்கொடைப் பக்கத் தோட்டத்துக்கு லீவில் வந்திருந்தார். புறக்கோட்டையில் கடை வேலை. ஐந்து வருடம் சேர்த்த காசை மொத்தமாகப் பங்குச் சந்தையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். "எல்லாரும் ரெட்டிப்பா எடுக்கிறாங்க தம்பி, நாங்க மட்டும் ஏன் பார்த்துக்கிட்டே இருக்கணும்?" என்று கேட்டார். அதே வருடம் தீபாவளிக்கு வந்தபோது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் எஸ்.ஐ.பி. என்ற சொல் எங்கள் குழுவுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டு யூடியூப் சேனல்களைப் பார்க்கும் யாருக்கும் தெரியாமல் இருக்க முடியாது. மாதாமாதம் ஒரே தொகையைப் போடு, விலை ஏறினாலும் இறங்கினாலும் நிறுத்தாதே, சராசரி உன்னைக் காப்பாற்றும் என்கிறார்கள். இந்தியாவில் 2024 அக்டோபரில் மட்டும் இந்த வழியில் 25,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் அவர்கள் காட்டுகிற கணக்கெல்லாம் இந்தியச் சந்தைக் கணக்கு. ஏறிக்கொண்டே போன ஒரு சந்தையில் எந்த வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு. பத்து வருடம் படுத்துக் கிடந்து, பிறகு பாய்ந்து, விழுந்து, மறுபடி எழுந்த கொழும்புச் சந்தையில் இந்தச் சராசரி என்ன செய்திருக்கும்? அதுவும் நாட்சம்பளத்தில் வாழும் ஒரு வீட்டுக்கு?

முதலில் வெங்காயம்

தத்துவம் சின்னது. தோட்டத்துக் கடையிலேயே விளக்கலாம்.

நீங்கள் ஒவ்வொரு மாதமும் 600 ரூபாவுக்குப் பெரிய வெங்காயம் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். முதல் மாதம் கிலோ 200 ரூபா, 3 கிலோ கிடைக்கும். அடுத்த மாதம் 300 ரூபா, 2 கிலோதான். மூன்றாம் மாதம் 150 ரூபாவுக்கு இறங்குகிறது, 4 கிலோ. மொத்தம் 1,800 ரூபாவுக்கு 9 கிலோ. உங்களுக்குக் கிலோ 200 ரூபா விழுந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் மாதம் 3 கிலோ என்று அளவு வைத்து வாங்குகிறார்கள். அவர்களுக்கும் 9 கிலோதான் வந்திருக்கிறது. ஆனால் 600, 900, 450 என்று மொத்தம் 1,950 ரூபா கொடுத்திருக்கிறார்கள். கிலோ கிட்டத்தட்ட 217 ரூபா. மூன்று மாத விலையையும் கூட்டி மூன்றால் பிரித்தால் வருவதும் இதே 217தான்.

150 ரூபா எங்கிருந்து மிச்சமானது? நீங்கள் விலையை ஊகிக்கவில்லை. தொகையைக் கட்டிப் போட்டதால், விலை கூடிய மாதம் தானாகவே குறைவாக வாங்கினீர்கள், விலை குறைந்த மாதம் தானாகவே அதிகமாக வாங்கினீர்கள். மலிவான கிலோக்கள் கூடையில் அதிகம், விலை கூடிய கிலோக்கள் குறைவு. அதனால் உங்களுக்கு விழுந்த விலை சராசரி விலையைவிடக் கீழே நிற்கிறது. விலை மாறிக்கொண்டே இருக்கும்வரை இது எப்போதும் உண்மை. விதிவிலக்கே கிடையாது.

வெங்காயத்துக்குப் பதிலாகப் பல கம்பனிப் பங்குகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கூடையின் சிறு துண்டை வாங்கினால் அதுதான் எஸ்.ஐ.பி. அந்தத் துண்டை அலகு என்கிறோம், யூனிட் என்றும் சொல்வார்கள். மாதம் தவறாமல் ஒரே தொகை கட்டும் பழக்கம் எங்கள் லயங்களுக்குப் புதிதல்ல, சீட்டுப் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. சீட்டில் ரூபாவைக் கட்டி ரூபாவை எடுக்கிறோம். இங்கே ரூபாவைக் கட்டி அலகை எடுக்கிறோம். அந்த அலகுக்கு நாளை என்ன விலை என்று யாரும் உறுதி தருவதில்லை.

இந்த யோசனைக்கு வயதும் இருக்கிறது. பெஞ்சமின் கிரஹாம் 1949இல் வெளியிட்ட 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' என்ற நூலில், சாதாரண ஆள் பின்பற்றக்கூடிய வழியாக இதைச் சொன்னார். 1954இல் நியூயார்க் பங்குச் சந்தையே மாதாந்த முதலீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சம்பளக்காரரையும் பங்கு வாங்க வைப்பதுதான் நோக்கம்.

தேயிலைக்காகப் பிறந்த சந்தை

கொழும்பில் கதை வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. இங்கே பங்குச் சந்தை பிறந்ததே தோட்டங்களுக்காகத்தான்.

1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, மலையெல்லாம் தேயிலையாக மாறியது. தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும், கொழுந்து பறிக்கிற நிலைக்குச் செடி வரும்வரை சில வருடம் காத்திருக்க முதல் வேண்டும். தனி ஒரு துரையால் முடியாததைக் கம்பனிகள் செய்தன. லண்டனில் பதிவானவை ஸ்டேர்லிங் கம்பனிகள், இங்கே பதிவானவை ரூபாய் கம்பனிகள். அந்த ரூபாய் கம்பனிகளின் பங்குகளை வாங்கவும் விற்கவும்தான் 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் உருவானது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் வேர் அது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எங்கள் பூட்டன்மார் றப்பர் வெட்டி, கொழுந்து பறித்து உண்டாக்கிய லாபத்துக்கு அந்தச் சந்தையில் ஒவ்வொரு நாளும் ஒரு விலை இருந்தது. அவர்கள் அதை வாங்கக்கூடிய இடத்தில் இருக்கவில்லை. கங்காணிக்குக் கடன், கடைக்குக் கடன், 1948க்குப் பிறகு பலருக்குப் பிரசாவுரிமையும் இல்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்களும் போனதும், சந்தை தான் பிறந்த காரணத்தையே இழந்தது. பிறகு 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, நிர்வாகம் தனியாருக்குப் போனது. 90களின் நடுப்பகுதியிலிருந்து அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டு அவை சந்தைக்கு வந்தன. கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை, ஹப்புகஸ்தென்ன என்று எங்கள் ஊர்ப் பெயர்களெல்லாம் பங்குப் பட்டியலில் ஏறின.

அப்போதுதான் ஒரு புதிய விஷயம் நடந்தது. பங்குகளில் 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. நூறு வருடத்தில் முதல் தடவையாகத் தோட்டத் தொழிலாளி கையில் பங்கு.

வயதானவர்களிடம் இதைப்பற்றிக் கேட்டுப் பார்த்தோம். ஒரு அப்பாயி, "ஒரு கடுதாசி குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல ஒருத்தர் வந்து காசு குடுத்து வாங்கிட்டுப் போனாரு" என்றார். இன்னொரு வீட்டில் அந்தக் கடுதாசி கல்யாணப் பத்திரிகைகளோடு பெட்டிக்குள் இருந்தது. அது என்னவென்று யாரும் அவர்களுக்கு விளக்கியதாக ஞாபகமில்லை.

விற்றதையும் வைத்திருந்ததையும் விடுங்கள். அந்தக் கொடையின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே தடவை, ஒரே கம்பனி, அதுவும் தன் சம்பளமும் தங்கியிருக்கிற அதே கம்பனி. தேயிலை, றப்பர் விலை விழுந்தால் வேலைநாளும் குறையும், பங்கு விலையும் இறங்கும். நாம் பேசுகிற மாதாந்த முறை இதற்கு நேர் எதிர்: பல தடவை, பல கம்பனி.

அதற்கான கருவியும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் இலங்கைக்கு வந்தது. 1991இல் முதல் யூனிட் ட்ரஸ்டுகள் ஆரம்பித்தன. பலரின் சின்னச் சின்னத் தொகைகளைச் சேர்த்து, ஒரு முகாமைக் கம்பனி பல பங்குகளை வாங்கும். நம் கையில் அலகு இருக்கும். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்பது இங்கே யூனிட் ட்ரஸ்ட். வங்கிக்கு நிரந்தரக் கட்டளை ஒன்று கொடுத்தால் மாதாமாதம் தொகை தானாகப் போய்விடும்.

15 வருடக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். எங்களில் பொருளியல் படிக்கிறவள் ஒருத்திதான், மற்றவர்கள் வரலாறும் தமிழும். அதனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி செய்தோம்.

கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 1985இல் 100 என்று தொடங்கியது. சந்தை முழுவதையும் ஒரு கூடையாக நினைத்தால், சுட்டிதான் கூடையின் விலை. ஒருவர் மாதம் 1,000 ரூபா ஒதுக்கி, எளிமைக்காக ஆண்டுக் கடைசியில் 12,000 ரூபாவுக்கு இந்தக் கூடையை வாங்குகிறார் என்று வைத்தோம். சுட்டி 6,000 என்றால் ஒரு அலகு 6,000 ரூபா. பங்குலாபத்தையும் கட்டணங்களையும் சேர்க்கவில்லை.

வேண்டுமென்றே மோசமான நேரத்தில் ஆரம்பித்தோம். 2008 கடைசியில் சுமார் 1,503ஆக இருந்த சுட்டி, 2009இல் போர் முடிந்தபின் பாய்ந்து, 2010 கடைசியில் 6,636இல் நின்றது. எல்லோரும் பங்கு பற்றிப் பேசிய நேரம். நம்ம ஆள் தன் முதல் 12,000 ரூபாவை அங்கே போடுகிறார். கிடைத்தது 1.81 அலகு.

2011 பெப்ரவரியில் சுட்டி 7,800ஐத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. ஆண்டுக் கடைசி எண்கள் இப்படி: 2011இல் 6,074, 2012இல் 5,643, 2013இல் 5,913, 2014இல் 7,299, 2015இல் 6,895, 2016இல் 6,228, 2017இல் 6,369, 2018இல் 6,052, 2019இல் 6,129. கீழே போன 2012இல் அவருக்கு 2.13 அலகு கிடைத்தது. மேலே போன 2014இல் 1.64 மட்டும். வெங்காயத்தில் பார்த்த அதே விளையாட்டு.

2019 முடிவில் அவர் பத்துத் தடவை கட்டிய மொத்தம் 120,000 ரூபா. கையில் 19.08 அலகு. ஒரு அலகு அவருக்கு விழுந்த விலை 6,291. பத்து வருட விலைகளின் சாதாரணச் சராசரி 6,324. ஆக, சராசரிப்படுத்தல் வாக்குறுதியைக் காப்பாற்றியது, ஆனால் வெறும் 33 ரூபாவால். விலை பெரிதாக ஆடாத சந்தையில் இந்த முறை தரும் அனுகூலமும் சின்னதுதான் என்பதை யூடியூபில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னும் கசப்பான விஷயம், அந்த 19.08 அலகின் மதிப்பு 2019 கடைசியில் கிட்டத்தட்ட 117,000 ரூபா. ஒன்பது வருடம் ஒழுங்காகக் கட்டி 3,000 ரூபா நட்டம். அதே காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும். இந்த இடத்தில் யாராவது "இது சரிவராது" என்று நிறுத்தியிருந்தால் அவரைக் குறைசொல்ல எங்களால் முடியவில்லை.

நிறுத்தாதவரின் கதை தொடர்கிறது. 2020இல் தொற்றுநோய், வட்டி விகிதங்கள் மிகவும் இறக்கப்பட்டன. வங்கியில் வட்டி இல்லாததால் காசு பங்குப் பக்கம் ஓடியது. கைப்பேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதியும் அந்த வருடம் வந்தது. சுட்டி 2020 கடைசியில் 6,774, 2021 கடைசியில் 12,226. நம்ம ஆள் 2021இல் 12,000 ரூபாவுக்கு ஒரு அலகுகூட முழுதாக வாங்க முடியவில்லை. ஆனால் படுத்துக் கிடந்த பத்து வருடத்தில் சேர்த்த அலகுகள் எல்லாம் இப்போது பேசின. கட்டியது 144,000, மதிப்பு சுமார் 267,000 ரூபா.

நண்பனின் அண்ணன் உள்ளே வந்தது இந்தப் புள்ளியில்தான்.

விழுந்த வருடம்

2022 எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி விகிதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதற்கு அடுத்த வாரம் பங்குச் சந்தையே ஐந்து நாள் மூடப்பட்டது. ஆண்டுக் கடைசியில் சுட்டி 8,490.

இரண்டு பேரை ஒப்பிடுவோம். ஒருவர் 144,000 ரூபாவை மொத்தமாக 2021 கடைசியில் போட்டவர். ஒரு வருடத்தில் அவர் காசு சரியாக ஒரு லட்சத்துக்கு இறங்கியது, 44,000 ரூபா போய்விட்டது. மற்றவர் அதே 144,000 ரூபாவைப் பன்னிரண்டு வருடமாகப் பிரித்துக் கட்டியவர். அவருடைய பழைய அலகுகளின் மதிப்பும் விழுந்தது, ஆனாலும் 185,000 ரூபா மிச்சம். சந்தை இருவருக்கும் ஒன்றுதான், சதவீதத்தில் விழுந்த அளவும் ஒன்றுதான். வாங்கிய விலைதான் வேறு. சராசரிப்படுத்தல் வீழ்ச்சியைத் தடுப்பதில்லை. உச்சியில் மட்டும் வாங்கியவராக நாம் ஆகிவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

2023 கடைசியில் சுட்டி 10,654, 2024 கடைசியில் 15,945. நிறுத்தாமல் கட்டியவரிடம் இப்போது 25.12 அலகு. பதினைந்து தடவையில் கட்டியது 180,000 ரூபா, மதிப்பு சுமார் 400,000 ரூபா. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ரூபா? 2010 கடைசியில் ஒரு டொலர் சுமார் 111 ரூபா, 2024 கடைசியில் சுமார் 293 ரூபா. அவர் முதலில் கட்டிய 12,000 ரூபா அன்றைக்கு 108 டொலர். கடைசியாகக் கட்டிய 12,000 ரூபா 41 டொலர்தான். தொகை மாறவில்லை, தொகையின் உடம்பு மெலிந்துவிட்டது. எனவே 180,000 ரூபா 400,000 ரூபாவானதில் ஒரு பங்கு உண்மையான வளர்ச்சி, மறு பங்கு ரூபாவின் வீழ்ச்சி. கட்டும் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து ஏற்றாவிட்டால், 'நிலையான தொகை' என்பது வருடா வருடம் குறைகிற தொகையாகிவிடும்.

இந்தக் கணக்கு எப்போது ஏமாற்றும்

சராசரி விலைக்குக் கீழே வாங்கிவிட்டோம் என்பதும் லாபம் என்பதும் ஒன்றல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், நாங்களும் குழப்பிக்கொண்டோம்.

ஒரே ஒரு கம்பனியின் பங்கு 100, 80, 60, 40, 20 என்று ஐந்து மாதம் இறங்குகிறது என்று வைப்போம். மாதம் 1,000 ரூபா போடுகிறீர்கள். கடைசியில் கையில் 114 பங்கு, உங்களுக்கு விழுந்த விலை சுமார் 44 ரூபா. சராசரி விலையோ 60. சராசரிப்படுத்தல் அருமையாக வேலை செய்திருக்கிறது! ஆனால் பங்கு இப்போது 20 ரூபா. 5,000 ரூபா கட்டி, கையில் சுமார் 2,300 ரூபா. "இறங்கினால் இன்னும் வாங்கு" என்ற பேச்சு, இறங்கியது திரும்ப ஏறும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பல கம்பனிகளின் கூடைக்கு அந்த நம்பிக்கைக்கு ஓரளவு காரணம் உண்டு, ஒரு கம்பனி மூடப்பட்டாலும் மற்றவை இருக்கும். ஒற்றைக் கம்பனிக்கு அந்தக் காரணம் கிடையாது. எனவே யாராவது ஒரு பங்கின் பெயரைச் சொல்லி "சராசரி பண்ணிக்கொண்டே போங்க" என்றால், அவர் எஸ்.ஐ.பி. பற்றிப் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஏமாற்று எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. முறை முழுதும் ஒரே நிபந்தனையில் நிற்கிறது: விலை விழுந்த மாதமும் கட்டவேண்டும். இலங்கையில் விலை விழுந்த அந்த வருடத்தில் தோட்ட வீடு எப்படி இருந்தது? நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. மாதம் 1,000 ரூபா சேமிப்பு என்றால் ஒரு நாள் கொழுந்து. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டிப்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், உணவுக்கு மட்டும் 95 சதவீதத்தை ஒட்டியது. மாவும் அரிசியும் அந்த விலையில் இருக்கும்போது, "இப்போதுதான் அலகு மலிவு, விடாமல் கட்டுங்க" என்று யார் வாயால் சொல்வது?

அதனால் இரண்டு தவறுகளின் விலையைத் தனித்தனியாகப் பார்த்தோம். 2022இல் அந்த 12,000 ரூபாவைக் கட்டாமல் விட்டிருந்தால், 1.41 அலகு குறைந்திருக்கும். 2024 கடைசியில் அதன் மதிப்பு சுமார் 22,500 ரூபா. அதாவது பத்தாயிரத்துச் சொச்ச ரூபா லாபம் தவறியிருக்கும். தாங்கக்கூடியதுதான். ஆனால் வீட்டுச் செலவுக்காக 2022 கடைசியில் பழைய அலகுகளை எல்லாம் விற்றிருந்தால், 185,000 ரூபா கிடைத்திருக்கும். விற்காமல் இருந்திருந்தால் அதே அலகுகள் 2024 கடைசியில் சுமார் 348,000 ரூபா. ஒரு வருடம் நிறுத்துவது சின்னக் காயம், விழுந்த நேரத்தில் விற்க வேண்டிவருவது பெரிய காயம்.

இதிலிருந்துதான் வரிசை தெரிகிறது. மருத்துவத்துக்கும் அரிசிக்கும் சில மாதம் ஓடக்கூடிய காசு முதலில் வங்கியில், எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கவேண்டும். அடகுக் கடன் இருந்தால் அதை முதலில் மூடவேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் அலகுக்கு. இந்த வரிசை மாறினால், சராசரிப்படுத்தல் தன் வேலையைச் செய்து முடிக்கும் முன்பே நாம் விற்கவேண்டி வரும்.

"எங்களுக்கு ஈ.பி.எப். இருக்கே, அதுவும் மாதாமாதம்தானே" என்று ஒரு அப்பா கேட்டார். நல்ல கேள்வி. ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. குறைந்தது தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்டவேண்டும். மாதாமாதம் போவது உண்மைதான், ஆனால் அங்கே நமக்கு அலகும் இல்லை, ஏறி இறங்கும் விலையும் இல்லை. ரூபா நிலுவையும் அதன்மேல் வருடத்துக்கு அறிவிக்கும் வட்டியும் மட்டும். 2022க்கு அந்த வட்டி 9 சதவீதம். நிலுவை குறையாது, அது பெரிய ஆறுதல். ஆனால் 70 சதவீதப் பணவீக்கத்துக்கு முன்னால் 9 சதவீதம் என்ன பேசும்? அலகில் இருக்கிற ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. ரூபா நிலுவையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

இந்தக் கணக்கை எழுதிய கொப்பியை நண்பனின் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் 2022இல் விற்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. விற்க வெட்கமாக இருந்ததாம். 2024 கடைசியில் போட்ட காசைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். ஆனால் அந்த மூன்று வருடம் தங்கச்சியின் படிப்புக்குக் கடன் வாங்கியதாகவும் சொன்னார். அந்தக் கடன் வட்டி எங்கள் கொப்பியில் இல்லை. "அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டோம்.

பெட்டிக்குள் கடுதாசி வைத்திருந்த அந்த வீட்டுக்கும் மறுபடி போனோம். இந்தத் தடவை அது என்னவென்று விளக்கத் தெரிந்திருந்தது. அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இத அப்பவே ஒருத்தர் வந்து இப்படி உக்காந்து சொல்லியிருந்தா என்னப்பா?"